டைவ் வாட்ச்: வளையம் சரி, வால்வு எதற்கு?

போன மாதம் அக்கா மகன் ஒரு வாட்சின் படத்தை அனுப்பியிருந்தான். முதல் வேலை, முதல் போனஸ், அதில் நல்லதாக ஒரு டைவ் வாட்ச் வாங்க வேண்டும் என்று ஆசை. படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "மாமா, பத்து மணிக்குப் பக்கத்துல இன்னொரு திருகு இருக்கே, அது எதுக்கு? ஹீலியம் வால்வுன்னு போட்டிருக்கு. கடல்ல இறங்கினா அது வேணும்ல?"

அவனுக்கு நீச்சல் தெரியும். இரண்டு முறை பாண்டிச்சேரியில் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலுக்குள் போய் வந்திருக்கிறான். அவனுடைய கடல் பழக்கம் அவ்வளவுதான். வால்வு இல்லாத வாட்சும் அவன் பட்டியலில் இருந்தது, விலையும் குறைவு. "வால்வு இல்லாததையே எடு" என்று ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று தெரியாமல் வாங்கினால், அந்தத் திருகு இல்லாத குறை அவன் மனதில் இருந்துகொண்டே இருக்கும். அதனால் உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். இங்கேயும் அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் வளையம். டயலைச் சுற்றி, 60 நிமிடக் குறிகளோடு கையால் திருப்பும்படி இருக்கிறதே, அதைப் பெசல் என்பார்கள். டைவ் வாட்சை ஒரு பார்வையில் அடையாளம் காட்டுவது அதுதான்.

1950-களில் கடலுக்கடியில் போனவருக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும் மானியும் பலரிடம் இருந்ததில்லை. கீழே எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை வைத்துத்தான் காற்று எவ்வளவு தீர்ந்திருக்கும், எப்போது மேலே வர வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். பிளாங்பான் என்ற ஸ்விஸ் வாட்ச் நிறுவனத்தை நடத்திய ஜான்-ழாக் ஃபீஷ்டர் தானே முக்குளிப்பவர். பிரான்ஸின் தென்கடலில் ஒருமுறை நேரம் போனது தெரியாமல் கீழேயே இருந்துவிட்டார். காற்று தீர்ந்துபோய் அவசரமாக மேலே வர வேண்டியதாயிற்று. தப்பியவர், நீருக்கடியில் நேரத்தைப் பிழையில்லாமல் காட்டும் வாட்ச் ஒன்றைச் செய்ய முனைந்தார். அதே சமயத்தில் பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களுக்காக ராபர்ட் மலூபியே என்ற அதிகாரியும் அப்படியொரு வாட்சைத் தேடிக்கொண்டிருந்தார். 1953-ல் 'ஃபிஃப்டி ஃபாதம்ஸ்' வந்தது. ஐம்பது பாகம் ஆழம், அதாவது சுமார் 91 மீட்டர் என்பது பெயரின் பொருள். ரோலெக்ஸின் சப்மரினரும் அதே காலத்துப் பிள்ளைதான்.

வளையம் வேலை செய்யும் விதம் மிக எளிது. நீங்கள் 10 மணி 22 நிமிடத்துக்குத் தண்ணீருக்குள் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இறங்கும் முன் வளையத்தைத் திருப்பி, அதிலுள்ள முக்கோணத்தை நிமிட முள்ளின் நுனிக்கு நேராக வைக்கிறீர்கள். அதன் பிறகு மணியைப் பார்க்கவே வேண்டாம். நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணுக்கு நேராக நிற்கிறதோ, அத்தனை நிமிடம் ஆகியிருக்கிறது. முள் 30-ல் நின்றால் கீழே 30 நிமிடம். 10.22-ஐ 10.52-லிருந்து கழிக்கும் வேலை இல்லை. தரையில் அது சின்னக் கணக்கு. ஆழத்தில், குளிரில், மூளை மந்தமாக இருக்கும்போது அதில்தான் தவறு வரும்.

பெரும்பாலான டைவ் வாட்சுகளில் இந்த வளையம் இடப்பக்கமாக மட்டுமே திரும்பும். காரணம் இதுதான். பாறையிலோ சிலிண்டரிலோ பட்டு வளையம் நகர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் நான்கு நிமிடம் நகர்ந்தால், உண்மையில் 30 நிமிடம் ஆகியிருக்கும்போது வாட்ச் 34 என்று காட்டும். நான்கு நிமிடம் முன்னதாக மேலே வந்துவிடுவீர்கள், கேடொன்றும் இல்லை. வலப்பக்கம் நகர்ந்திருந்தால் 26 என்று காட்டும். இன்னும் நேரம் இருக்கிறதே என்று கீழேயே இருப்பீர்கள். பிரபலமான ஓர் அட்டவணைப்படி, 18 மீட்டர் ஆழத்தில் நாளின் முதல் முக்குளிப்புக்கு எல்லை 56 நிமிடம். அந்த எல்லையை ஒட்டி இருப்பவருக்கு நான்கு நிமிடம் பெரிய விஷயம். அதைத் தாண்டினால் மேலே வரும் வழியில் நின்று நின்று வர வேண்டியிருக்கும். நிற்காமல் வந்தால் உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். வளையம் தவறினாலும் முக்குளிப்பவர் பிழைக்கும் பக்கமாகவே தவற வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு பக்கத்தைப் பூட்டினார்கள். ஒரு சின்ன ஸ்பிரிங்கில் இவ்வளவு யோசனை இருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான்.

இன்றைக்குக் கடலுக்குள் போகிறவர் கையில் டைவ் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆழம், நேரம், மிச்சமுள்ள நிமிடங்கள் எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும். வாட்ச் வெறும் துணைக்குத்தான். ஆனாலும் வளையம் வீண் இல்லை, ஏனென்றால் அது கரையிலும் உதவும். என் கையிலுள்ள வாட்சின் வளையத்தை நான் அதிகம் திருப்புவது அடுப்படியில்தான். இட்லித் தட்டை உள்ளே வைத்து ஆவி வந்ததும் முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைப்பேன். முள் 10-ஐத் தாண்டினால் அடுப்பை அணைக்கலாம். கை மாவாக இருக்கும்போது போனைத் தொட வேண்டாம். தலைகீழாகவும் வைக்கலாம்: பேருந்து 40-ஆவது நிமிடத்தில் என்றால் முக்கோணத்தை அங்கே நிறுத்திவிட்டால், முள்ளுக்கும் முக்கோணத்துக்கும் உள்ள இடைவெளியே மிச்ச நேரம். வாங்கும்போது கடையிலேயே ஒருமுறை வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு நகர்வும் 'டிக்' என்று நிற்க வேண்டும். நின்ற இடத்தில் விரலால் ஆட்டினால் முன்பின்னாக ஆடக் கூடாது. முக்கோணம் 12-க்கு நேராக வந்து நிற்க வேண்டும். பின்னாளில் வளையம் இறுகிப்போனால், வியர்வை அழுக்கோ கடல்மணலோ அடியில் சேர்ந்திருக்கிறது என்று பொருள். கிரவுன் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துத் திருப்பித் திருப்பிக் கழுவினாலே பெரும்பாலும் இளகிவிடும்.

இனி வால்வு. ஹீலியம் வால்வு தண்ணீருக்காகச் செய்யப்பட்டதே இல்லை. இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஆழம் கூடக்கூட நாம் மூச்சிழுக்கும் காற்றின் அழுத்தமும் கூடும். 30, 40 மீட்டரைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனே மயக்க மருந்துபோல வேலை செய்யத் தொடங்கும். அதனால் அதிக ஆழத்தில் வேலை செய்பவர்களுக்கு நைட்ரஜனுக்குப் பதிலாக ஹீலியம் கலந்த வாயுவைக் கொடுக்கிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. ஆழத்தில் உடல் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே வரும்போது அதை மெதுவாக வெளியேற்ற வேண்டும். அரைமணி நேர வேலைக்கு மணிக்கணக்கில் காத்திருப்பது எப்படிக் கட்டுப்படியாகும்?

அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் இதற்கு ஒரு வழி கண்டார். உடல் ஓரளவுக்குமேல் வாயுவை உறிஞ்சாது. தண்ணீரில் ஊறிய துணிபோல நிறைந்துவிடும். நிறைந்த பிறகு ஒரு நாள் இருந்தாலும் ஒரு மாதம் இருந்தாலும், மேலே வர ஆகும் நேரம் ஒன்றுதான். அப்படியென்றால் ஆட்களை அந்த அழுத்தத்திலேயே குடியிருக்க வைத்துவிடலாம். வேலையெல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒருமுறை மெதுவாக அழுத்தத்தைக் குறைத்தால் போதும்.

இதைச் சோதிக்க அவர்கள் கடலடியில் வீடே கட்டினார்கள். சீலேப் என்று பெயர். 1964-ல் பெர்முடாவுக்கு அருகே சுமார் 58 மீட்டர் ஆழத்தில் நான்கு பேர் 11 நாள் தங்கினார்கள். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் லா ஹோயாவுக்கு எதிரே 62 மீட்டரில் இரண்டாவது வீடு. பத்துப் பத்துப் பேராக மூன்று குழுக்கள் மாறி மாறித் தங்கின. விண்வெளிக்குப் போய் வந்த ஸ்காட் கார்பென்டர் அங்கே 30 நாள் இருந்தார். வீட்டுக்குள் பெரும்பகுதி ஹீலியம். பேசினால் வாத்துக் குரல் வரும். ஹீலியம் உடல் வெப்பத்தை வேகமாக வாங்கிக்கொள்வதால் குளிரும்.

அவர்கள் கையில் வாட்ச் இருந்தது. ஹீலியம் அணு மிகச் சிறியது. தண்ணீர் நுழைய முடியாத ரப்பர் வளையத்தின் வழியாகக்கூட அது மெல்ல மெல்லக் கசிந்து போகும். நாள் கணக்கில் ஹீலியத்துக்குள்ளேயே இருந்தால், வாட்சின் உள்ளே இருக்கும் அழுத்தமும் அறையின் அழுத்தமும் ஒன்றாகிவிடும். அதுவரை ஆபத்தில்லை. முள்ளும் பாட்டுக்கு ஓடும். சிக்கல் திரும்பும்போதுதான். அறையின் அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். உள்ளே புகுந்த ஹீலியம் புகுந்த அதே மெதுவான வேகத்தில்தான் வெளியே வரும். வெளியே அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது, வாட்சுக்குள் அப்படியே நிற்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாட்சின் கண்ணாடி 30 மில்லிமீட்டர் அகலம் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்டிமீட்டர். உள்ளே வெளியே அழுத்த வித்தியாசம் 5 வளிமண்டல அளவு என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் கிட்டத்தட்ட 5 கிலோ. மொத்தம் 35 கிலோ. ஒரு 25 கிலோ அரிசி மூட்டையைவிடக் கனமான ஒன்று அந்தச் சின்னக் கண்ணாடியை உள்ளிருந்து தள்ளுவதுபோல. வெளியிலிருந்து தண்ணீர் எவ்வளவு அழுத்தினாலும் கண்ணாடி தன் இருப்பிடத்தில் இன்னும் இறுக்கமாகத்தான் உட்காரும். அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். உள்ளிருந்து தள்ளினால் பிடித்துக்கொள்ள வலுவாக எதுவும் இல்லை. கண்ணாடி தெறித்து விழும். சீலேப் குழுவில் இருந்த பாப் பார்த் என்ற கடற்படை முக்குளிப்பவர் கண்டதும் இதைத்தான். உள்ளே சிக்கிய வாயு தானே வெளியேற ஒரு வழி வைத்தால் என்ன என்ற யோசனையும் அவருடையது என்று சொல்கிறார்கள்.

வால்வு என்பது அந்த வழிதான். வாட்சின் பக்கவாட்டில் சின்ன ஓட்டை, அதற்குள் ஸ்பிரிங் வைத்த மூடி. உள்ளே அழுத்தம் வெளியைவிடச் சில வளிமண்டல அளவு கூடும்போது மூடி தானே தூக்கி வாயுவை விட்டுவிட்டு மீண்டும் மூடிக்கொள்ளும். ரோலெக்ஸ் 1967-ல் இதற்குக் காப்புரிமை கேட்டது. சீ-டுவெல்லர் மாடல் அதில் பிறந்தது. மார்சேயிலிருந்த கோமெக்ஸ் என்ற ஆழ்கடல் வேலை நிறுவனம் அந்த வாட்சுகளைத் தன் ஆட்களுக்குக் கொடுத்து வேலை வாங்கியது. டாக்ஸா நிறுவனமும் அதே காலத்தில் வால்வு வைத்தது. ஒமேகாவின் சீமாஸ்டர் 300-ல் 1993 முதல் பத்து மணிப் பக்கத்தில் இருப்பது கையால் திருகித் திறக்கும் வகை. 1995-ல் 'கோல்டன்ஐ' படத்தில் ஜேம்ஸ் பாண்ட் கையில் அது ஏறியதும், ஆழ்கடல் கருவி ஒன்று கடைத்தெருவின் அலங்காரமாயிற்று.

இதே சிக்கலை வேறு வழியில் தீர்த்தவர்களும் உண்டு. 1968-ல் ஜப்பானின் ஹிரோஷிமா வட்டாரத்திலிருந்து ஒரு முக்குளிப்பவர், தங்கள் வாட்சுகள் ஆழ்கடல் வேலையைத் தாங்கவில்லை என்று செய்கோவுக்குக் கடிதம் எழுதினார். ஏழு ஆண்டு உழைத்து 1975-ல் டைட்டானியத்தில் 600 மீட்டர் வாட்ச் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் வால்வே இல்லை. எழுத்து 'எல்' போன்ற வடிவில் ஒரு ரப்பர் வளையமும், பின்மூடியே இல்லாத ஒரே துண்டு உடலுமாகச் செய்து, ஹீலியம் உள்ளே நுழைவதையே தடுத்தார்கள். வெளியேற்றும் வழியைத் தேடுவதைவிட இது எனக்குக் கூடுதல் நேர்த்தியாகத் தெரிகிறது. வால்வு இல்லாத வாட்ச் என்றால் மட்டம் என்று யாராவது சொன்னால் இந்த வாட்சை நினைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் இந்த வால்வு யாருக்கு வேண்டும்? அழுத்த அறைக்குள் நாள் கணக்கில் ஹீலியத்தைச் சுவாசித்துக் குடியிருப்பவருக்கு. கடலடியில் எண்ணெய்க் குழாய் பொருத்துகிறவர்கள், மூழ்கிய நீர்மூழ்கியிலிருந்து ஆட்களை மீட்கப் பயிற்சி பெற்ற கடற்படையினர். 2025-ல் விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த நிஸ்தார் கப்பலில் அத்தகைய அறைகள் உண்டு. அங்கே வேலை செய்பவர்களுக்குக்கூட வால்வு இல்லாமல் ஒரு வழி இருக்கிறது: அழுத்தத்தைக் குறைக்கும் நேரத்தில் வாட்சின் கிரவுனைத் திருகித் தளர்த்தி வைத்தால் ஹீலியம் அதன் வழியாகவே போய்விடும்.

சிலிண்டரில் ஹீலியம் கலந்து நூறு மீட்டருக்குமேல் போய் வருகிற தேர்ந்த முக்குளிப்பவருக்கும் இது வேண்டாம். அவருடைய நுரையீரலுக்குள்தான் ஹீலியம் போகிறது. வாட்ச் தண்ணீரில் இருக்கிறது. தண்ணீரிலிருந்து வாட்சுக்குள் புகும் அளவுக்கு ஹீலியம் இல்லை. சில மணி நேரத்தில் மேலே வந்தும் விடுவார். விமானத்தில் பறப்பதற்குத் தேவை என்று ஒரு பேச்சு உண்டு, அதுவும் சரியில்லை. விமானத்துக்குள் அழுத்தம் தரையைவிடக் கால் பங்கு அளவுதான் குறையும். எந்த வாட்சும் அதைத் தாங்கும். உள்ளே புகுந்த தண்ணீரை வெளியேற்றும் என்பதும் தவறு. திருகித் திறக்கும் வகையைத் தெரியாமல் திறந்துவிட்டுக் கடலில் இறங்கினால், இருந்த காப்பில் ஒன்று குறைந்துபோகும்.

சாதாரணமாக வாங்குகிறவருக்கு வால்வு பயனற்றது என்பதோடு விஷயம் முடியவில்லை. வாட்சின் உடலில் அது இன்னொரு ஓட்டை. அங்கேயும் ஒரு ரப்பர் வளையம் இருக்கும், அதுவும் நாளாக நாளாகக் காய்ந்து விறைக்கும், சர்வீஸின்போது அதையும் பார்க்க வேண்டும். அந்தத் தோற்றம் பிடித்திருக்கிறது, அதற்காகவே வாங்குகிறேன் என்றால் அது வேறு. அதில் தவறே இல்லை. ஆழத்துக்கு அவசியம் என்று நினைத்துக் கூடுதல் பணம் கொடுப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்தப் பணத்தில் பார்க்க வேண்டியது வேறு. டயலில் 200 மீட்டர் என்று மட்டும் இருக்கிறதா, 'டைவர்ஸ் 200 மீட்டர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது, ஐஎஸ்ஓ 6425 என்ற டைவ் வாட்ச் தரத்தைக் குறிக்கும். அந்தத் தரத்தில் ஒவ்வொரு வாட்சையும் தனித்தனியாக, எழுதிய ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிப்பார்கள். 200 மீட்டர் என்றால் 250 மீட்டருக்கு. இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் மணி தெரிய வேண்டும், வளையம் தானாக நகரக் கூடாது என்பதும் அதில் உண்டு. நீச்சலுக்கும் எப்போதாவது ஸ்கூபாவுக்கும் போகிறவருக்கு இந்த 200 மீட்டர் தாராளம். பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையே 40 மீட்டர்தான்.

அடுத்தது கிரவுன், அதாவது மணி திருத்தும் திருகு. நல்ல டைவ் வாட்சில் அது மரைபோட்டு இறுகும். நான் நேரில் பார்த்த வாட்ச் சாவுகள் எல்லாம் ஆழத்தில் நடந்தவை அல்ல. ஒரு நண்பர் காலையில் தேதியைத் திருத்தினார், கிரவுனை உள்ளே தள்ளினார், திருக மறந்தார். மத்தியானம் இடுப்பளவு நீச்சல் குளத்தில் அவருடைய 300 மீட்டர் வாட்சுக்குள் தண்ணீர் போனது. ஆழம் ஒரு மீட்டர்கூட இல்லை.

இன்னொன்று பேட்டரி மாற்றுவது. பின்மூடியைத் திறந்து மூடும்போது ரப்பர் வளையம் மடங்கினாலோ, ஒரு முடி சிக்கினாலோ, அந்த 200 மீட்டர் என்ற எழுத்துக்கு அதற்குப்பின் மதிப்பில்லை. அதனால் டைவ் வாட்சில் பேட்டரி போட்டால் அழுத்தச் சோதனை செய்து தரும் இடத்தில்தான் போட வேண்டும். பேட்டரி இல்லாத ஆட்டோமேட்டிக் என்றாலும், கடலுக்குக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்வது நல்லது. வெந்நீர்க் குளியலுக்குக் கட்டிக்கொண்டு போகக் கூடாது. சூடும் சோப்பும் ரப்பருக்கு ஆகாது. கடலிலிருந்து வந்தால் நல்ல தண்ணீரில் அலசிவிட வேண்டும்.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடிக்கலாம். அந்த ஐஎஸ்ஓ தரத்திலேயே இதற்கொரு சோதனை உண்டு. வாட்சை 40 முதல் 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடிமேல் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்ப்பார்கள். உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் தோல்வி. நாம் சூடாக்க வேண்டியதில்லை. வெயிலில் கையில் கட்டியபடி நடந்துவிட்டு வந்து, நிழலில் உட்கார்ந்து ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீரைக் கண்ணாடியில் வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்தால் மூட்டம் உள்ளே தெரிகிறதா? தெரிந்தால் அரிசிப் பானையில் போட்டு வைக்காமல் அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோக வேண்டும். உப்புத் தண்ணீராக இருந்தால் ஒரு வாரத்தில் உள்ளே துருப் பிடித்துவிடும்.

அக்கா மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, வால்வு இல்லாத 200 மீட்டர் வாட்சை எடுத்தான். மிச்சப் பணத்தில் ஒரு ரப்பர் ஸ்ட்ராப். வந்த அன்று கிரவுனைத் திறந்து நேரத்தை வைத்தவனிடம், "இறுக்கிட்டியா?" என்று கேட்டேன். "இறுக்கிட்டேன் மாமா" என்றான். வாங்கிப் பார்த்தேன், இன்னும் அரைச் சுற்றுப் பாக்கி இருந்தது.